சுந்தர்சிங் அண்ணன் சொன்ன சாட்சி

வங்கியில் லோன் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை அதிகம் வராது. பாதி உண்மையே போதும். அதை நான் பன்னிரண்டு வருடமாக, சம்பளம் வாங்கிக்கொண்டே செய்துவருகிறேன்.

2022 செப்டம்பரில் சுந்தர்சிங் அண்ணன் புதுக்கடை ஊரில் உள்ள எங்கள் கிளைக்கு வந்தார். மின்வாரியத்தில் போர்மேன், எங்கள் சபைக்காரர். வீட்டுக்கடன் என் கையால்தான் போட்டது. வட்டி கூடுகிறது என்று டிவியில் சொல்கிறார்களே, என் தவணையும் கூடுமா என்று கேட்டார். கூடாது அண்ணே, பயப்படாதீங்க என்றேன். உண்மைதான். மாதம் பதினைந்தாயிரத்து இருநூற்று இருபத்தாறு ரூபாய், ஒரு பைசா கூடாது. அதற்குப் பதிலாகக் கடன் முடிகிற தேதி தள்ளிப்போகும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. வேண்டுமென்றால் தவணையைக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொடுக்கலாம். தேதி அப்படியே நிற்கும். அதற்கு ஒரு படிவம் உண்டு. ஆள் கேட்டால் கொடுப்போம். கேட்காவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே காலத்தை நீட்டிவிடும். அவருக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள், மதியச் சாப்பாடும் ஆறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த மார்ச் முதல் ஞாயிறு, ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் அவர் எழுந்தார். ஊரில் எல்லாருக்கும் வட்டி கூடியது, பத்து மாதத்தில் ஆறு தடவை கூடியது, ஆனால் கர்த்தர் எனக்குத் தவணையில் ஒரு ரூபாய்கூடக் கூட விடவில்லை என்றார். நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் காணிக்கையாக ஆயிரம் ரூபாய் கவரில் போட்டார். சபையே ஆமென் சொன்னது. மூன்றாவது பெஞ்சில் இருந்த நானும் சொன்னேன். வட்டி கட்டுகிறவனும் வாங்குகிறவனும் ஒரே நேரத்தில் கர்த்தரைத் துதித்த ஆலயம் அதுவாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் இரண்டு பேர், எங்க லோனும் அப்படித்தானே தம்பி என்று கேட்டார்கள். ஆமா என்றேன். அன்று மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மனைவி பிளஸ்ஸி என்ன என்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றேன்.

2024 ஜனவரியில் வருமான வரிக்காக வட்டிச் சான்றிதழ் வாங்க வந்தார். வாங்கியவர் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய சான்றிதழை எடுத்து, புதியதன் பக்கத்தில் விரித்துவைத்தார். மீட்டர் பார்த்துப் பழகிய மனுஷன். எண்கள் மாறினால் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்த வருடம் அசலில் எழுபத்தெட்டாயிரம் கழிந்திருக்கிறது, இந்த வருடம் ஐம்பத்தோராயிரம்தான். ரெண்டு வருஷமும் ஒரே பணந்தானே கட்டினேன், மிச்சம் எங்க போச்சு என்று கேட்டார்.

இனி ஒளிக்க இடமில்லை. தவணை வந்ததும் முதலில் அந்த மாத வட்டியை எடுத்துக்கொள்வோம், மிச்சம்தான் அசலுக்குப் போகும் என்று சொன்னேன். 2022 மே மாதம் அவருக்குப் பாக்கி பதினைந்து லட்சம், வட்டி ஆறேமுக்கால் சதவீதம். பதினைந்தாயிரத்துச் சொச்சத்தில் வட்டிக்கு எட்டாயிரத்து நானூறு, அசலுக்கு ஆறாயிரத்து எண்ணூறு போனது. வட்டி ஒன்பதேகால் ஆனபோது, அதே தவணையில் வட்டிக்குப் பதினோராயிரத்து நூற்று அறுபது, அசலுக்கு நாலாயிரத்துச் சொச்சம். அசல் மெல்லக் கரைந்தால் கடன் மெல்லத்தான் முடியும். தவணை அப்படியே நின்றது, மாதங்கள் கூடின.

"எத்தன மாசம்?"

"முப்பத்தெட்டு."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். 2034 ஏப்ரலில் முடிய வேண்டிய கடன், 2037 ஜூனில் முடியும் என்று காட்டியது. அவர் ஓய்வுபெறுவது 2034 மே மாதம். பழைய பென்ஷன் அவருக்குக் கிடையாது, 2005இல் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வுக்கு முன் கடனை முடித்து, மூலப்பத்திரத்தைக் கையில் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் கடன் போட்ட அன்றைக்கே கணக்குப் பார்த்துக் காலத்தை எழுதச் சொன்னார். சம்பளம் நின்ற பிறகு மூன்று வருடம் எதை வைத்துக் கட்டுவார்? அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கோயில்ல எழும்பி நின்னு பொய்ச்சாட்சி சொல்லிட்டனே தம்பி," என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

வட்டி கூடியபோது வங்கியிலிருந்து மெசேஜ் வரவில்லையா என்று கேட்டேன். வெட்கம்கெட்ட கேள்வி. வந்ததாம், ஆறு தடவை, இங்கிலீஷில். தவணை மாறவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட்டாராம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, ஒனக்கு அன்னைக்கே தெரியுமா என்றார். இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை அண்ணே என்றேன். முதல் தடவையாக அவரிடம் முழுப்பொய் சொன்னேன்.

படிவத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். தவணையைப் பதினேழாயிரத்து அறுநூற்று எண்பது ஆக்கினால் கடன் பழைய தேதியிலேயே முடியும். மாதம் இரண்டாயிரத்து நானூற்றைம்பது கூடுதல். போன வருடமே செய்திருந்தால் முன்னூறு ரூபாய் குறைந்திருக்கும். முடியுமா என்றேன். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா மாசாமாசம் பணம் கட்டுத சிட்டி பண்டுல சேராம இருந்திருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறே ஆராதனையில் எழுந்துவிட்டார். போன வருடம் நான் சொன்ன சாட்சி தப்பு, தவணை கூடாததற்குக் காரணம் கடன் மூன்று வருடம் நீண்டுபோனதுதான், விசாரிக்காமல் கர்த்தருடைய பெயரைச் சொல்லிவிட்டேன், சபை என்னை மன்னிக்க வேண்டும் என்றார். பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு. பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர், இதையெல்லாம் பொறுமையாக விளக்கித் தந்தது ஜாஸ்பர் தம்பிதான், கடன் உள்ளவர்கள் அவரிடம் போய்ப் பாருங்கள் என்று முடித்தார். அத்தனை தலைகளும் நன்றியோடு என் பக்கம் திரும்பின. என் பக்கத்திலிருந்த பிளஸ்ஸி பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குத் தரையில் பிளவு விழுந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

ஆராதனை முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம். நாளைக்கு வாருங்கள் பார்க்கலாம் என்று சொல்லி விலக்கிக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டிருந்த சுந்தர்சிங் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும் மக்கா. பன்னிரண்டு வருஷமா அந்தச் சீட்டுல இருக்கிய, தெரியாமலா இருக்கும்?"

"பின்ன ஏன் என்னைப் பத்தி நல்லாச் சொன்னீங்க?"

அவர் வண்டியில் சாவியைப் போட்டார். "எனக்க பொய்ய நான் சொல்லிட்டேன். ஒனக்க பொய்ய எடுத்து நான் எப்படிச் சொல்லுவேன்?" கோபமே இல்லாமல் அதைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

பிளஸ்ஸி வாசலில் நின்று கூப்பிட்டாள். வாறேன் என்று கைகாட்டிவிட்டு மறுபடி உள்ளே போனேன். ஆயர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும் ஐயா என்றேன். அவர் சந்தோஷமாக நோட்டைத் திறந்து, ஸ்தோத்திரமா, விண்ணப்பமா, என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

"பேரை மட்டும் எழுதுங்க ஐயா," என்றேன். "மத்தத நானே சொல்லுதேன்."