நெட்டையனுக்கு இடமில்லை

என் வீட்டுக்காரருக்குக் காலி இடத்தைக் கண்டாலே ஆகாது. பார்சல் கம்பெனியில வண்டிக்குள்ள பெட்டி அடுக்குறது அவர் வேலை. மத்தவங்க ரெண்டு வண்டியில ஏத்துற சரக்கை இவர் ஒரே வண்டியில ஏத்திடுவாராம். இதை அவரே பெருமையா சொல்லிப்பார், சொந்தக்காரங்க வந்தா ரெண்டு தடவை சொல்வார். வீட்டுலயும் அதே கதைதான். ஃப்ரிட்ஜைத் திறந்தா விரல் நுழையாது. அலமாரியில ஒரு புடவையை உருவினா பத்து விழும். நானும் கத்திப் பார்த்துட்டு, போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்.

டிஷ்வாஷர் விஷயத்துல மட்டும் விட முடியாமப் போச்சு. அது என் கை சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் கல்யாண உடுப்பு தைக்கிற கடையில பட்டு மேஜையில உட்காருறவ. வழவழன்னு இருக்கிற மெல்லிசுத் துணி எல்லாம் அந்த மேஜைக்குத்தான் வரும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு தினம் படுறதுல என் விரல் நுனியெல்லாம் வெடிச்சுப் போச்சு. கையுறை போட்டுப் பார்த்தேன், உள்ள வேர்த்து இன்னும் மோசமாச்சு. ரத்தம் வந்தாக்கூட பொறுத்துக்கலாம், பட்டு பொறுத்துக்குமா? தோல் சொரசொரன்னு இருந்தா நூலைப் பிடிச்சு இழுத்துடும். ஒரு நாள் அப்படித்தான், மணப்பொண்ணு உடுப்புல முன்பக்கமே ஒரு இழை சர்ருன்னு ஓடிடுச்சு. சூப்பர்வைசர் அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "இன்னொரு தடவை ஆச்சுன்னா உன்னை பட்டன் மேஜைக்கு மாத்துறதைத் தவிர வேற வழியில்லை"ன்னு மெதுவா சொன்னாங்க. திட்டியிருந்தா தேவலை. அந்த மேஜையில உட்கார நான் என்ன பாடு பட்டிருப்பேன்! ராத்திரி படுத்தா பட்டன் டப்பாதான் கண்ணு முன்னாடி வரும்.

டாக்டர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். பாத்திரச் சோப்புல கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனாலதான் டிஷ்வாஷர் வந்தது.

என் மாமியாருக்கு அது வந்த அன்னைக்கே பிடிக்கலை. "தேய்க்காம எப்படிம்மா அழுக்குப் போகும்?"னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலை, மிஷினே பதில் சொல்லும்னு நினைச்சேன். மிஷினா, என் மானத்தை வாங்கிடுச்சு.

எங்க வீட்டு ஏற்பாடு இதுதான். நான்தான் முதல்ல கிளம்புறவ. ராத்திரிப் பாத்திரம், காலைப் பாத்திரம் எல்லாத்தையும் அடுக்கி, முன்னால சாய்ஞ்சு திறக்கிற கதவோட உள்பக்கம் இருக்கிற குட்டிப் பெட்டியில பவுடர் போட்டு, அதோட மூடியை 'டக்'குனு அழுத்திட்டுப் போயிடுவேன். அவர் அப்புறமா கடைசி டம்ளரைப் போட்டுக் கதவைச் சாத்தி பட்டனை அமுக்குவார். மத்தியானம் அத்தை எடுத்து வைப்பாங்க. பால் காய்ச்சுற பாத்திரத்தை மட்டும் நான் உள்ள வைக்கிறதில்லை. ஒடுக்கமா, நெட்டையா, முழங்கை உயரத்துக்கு இருக்கும். அதுக்கு வீட்டுல பேரே நெட்டையன். நான் கிளம்புற நேரத்துல அதுல பால் இருக்கும். குடிச்சு முடிச்சதும் தொட்டியில போட்டு வைங்க, சாயந்திரம் நான் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருந்தேன்.

முதல் ரெண்டு நாள் பாத்திரம் பளபளன்னு வந்தது. அப்புறம் பிடிச்சது சனி. தட்டெல்லாம் பிசுக்கு. டம்ளர்ல உதட்டு அடையாளம் அப்படியே இருக்கு. பவுடர் பெட்டியைப் பார்த்தா, பவுடர் கரையவே இல்லை, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிப் போய் உட்கார்ந்திருக்கு.

"வெந்நீர்ல குளிச்சுட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்"னாங்க அத்தை, ஒரு தட்டைத் தூக்கிக் காட்டி.

பவுடர் நமுத்துப் போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கினேன். பெட்டியில ஈரம் இருக்கும்னு துணியால ஒத்தித் துடைச்சுட்டுப் போட்டேன். பவுடரே வேண்டாம்னு வில்லையா விக்கிறதைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் பாதி கரைஞ்சு பெட்டியிலயே ஒட்டிக்கிட்டது. தினம் சாயந்திரம் வந்து அத்தனை பாத்திரத்தையும் நானே சோப்புப் போட்டு மறுபடி தேய்ச்சேன். மிஷின் வாங்கியும் கை வெடிச்சுக்கிட்டேதான் இருந்தது. ஒரே ஒரு ஆறுதல், நெட்டையன் மட்டும் தினம் கழுவி அடுப்புமேல இருந்தான். அத்தை கழுவியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். மிஷினைக் கரிச்சுக் கொட்டுற வாய்க்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்னு ஒரு வீம்பு.

தையல் கடையில இருந்தே மிஷின் கம்பெனி சர்வீஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு பொறுமையாப் பேசினா.

"மேடம், தண்ணி சூடாகி, முதல் அலசல் முடிஞ்சதும் அந்த மூடி தானா திறந்துக்கணும். கொக்கி விடும், ஸ்பிரிங் தள்ளும். எதிர்ல உயரமா ஏதாவது நின்னா முழுசாத் திறக்காது. ஈரம் மட்டும் உள்ள போயி பவுடர் கட்டியாயிடும். அப்படி ஏதாவது முன்னாடி வைக்கிறீங்களா?"

"நான்தாம்மா அடுக்குறேன். புஸ்தகத்துல போட்டிருக்கிற மாதிரி கதவுப் பக்கம் ஒரு சாண் இடம் விட்டுத்தான் அடுக்குறேன்"னு கொஞ்சம் காரமாவே சொன்னேன்.

"அப்படின்னா கொக்கியில கோளாறா இருக்கலாம். ஆள் வர நாளாகும், மேடம்."

அன்னைக்கு ராத்திரி இதைச் சொன்னதும் வீட்டுக்காரர், "வம்பே வேண்டாம், திருப்பிக் கொடுத்துடலாம். வாங்கின கடையில எடுத்துப்பாங்க"ன்னார். அத்தை, "நான் அன்னைக்கே சொன்னேன்"னு ஆரம்பிச்சாங்க. என் விரலை அவங்க முன்னாடி நீட்டி, "அப்போ இது? இதை எந்தக் கடையில திருப்பிக் கொடுக்கிறது?"ன்னு கேட்டேன். அப்படியும் சனிக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி அவர் போன் பண்ணிட்டார்.

சனிக்கிழமை எனக்கு லீவு. பழக்க தோஷம், காலையில எழுந்து அடுக்கினேன். பவுடர் போட்டு மூடியை அழுத்திட்டு, போகப்போற மிஷினுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்குன்னு சமையலறை மூலையில உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பிச்சேன். அவர் வந்தார். டம்ளரை மிஷினோட மேல் அடுக்குல வச்சார். தொட்டியில இருந்த நெட்டையனைக் கையில எடுத்தார். கீழ் அடுக்கை இழுத்தார், நான் கதவுப் பக்கம் விட்டு வச்சிருந்த அந்த ஒரு சாண் இடத்துல நெட்டையனைக் கவிழ்த்தி இறக்கினார். லேசா ஒரு திருப்பு. கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. திருப்தியா ஒரு தட்டு வேற தட்டினார்.

என் கையில கத்தி அப்படியே நின்னுபோச்சு.

"ஏங்க! என்ன பண்றீங்க?"

"ஏன்? இவ்வளவு இடம் சும்மா கிடக்கே. தினம் நான்தானே வைக்கிறேன்."

"தினமுமா!"

"முதல் ரெண்டு நாள் கவனிக்கலை. அப்புறம்தான் கண்ணுல பட்டுது. அளவெடுத்த மாதிரி இடம்!" பெருமை வேற.

அத்தை கூடத்துல இருந்து எட்டிப் பார்த்து, "நீதான் வைக்கச் சொன்னேன்னுல்ல நான் நினைச்சேன்"னாங்க என்னைப் பார்த்து. "நீங்க கையால கழுவுறீங்கன்னு நான் நினைச்சேன்"னேன் நான். எண்ணெய் படாத பால் பாத்திரம், வெறும் வெந்நீருக்கே வெளுத்து வந்திருக்கு. அத்தனை நாளும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேட்டாத்தானே!

எழுந்து போய்க் கீழ் அடுக்கை உள்ள தள்ளினேன். பவுடர் பெட்டியோட கொக்கியை விரலால விட்டேன், மூடி விரியத் திறந்தது. அப்படியே கதவை மெல்ல மேல தூக்கினேன். 'ணங்'. மூடி நேரா நெட்டையன் வயித்துல போய் முட்டி நின்னுது.

"கேட்டுச்சா? இன்னொரு தடவை பண்ணட்டுமா? மூடி திறக்க இடம் வேணும்னு நான் விட்ட இடம் இது. நீங்க அதுல நந்தி மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்து நிறுத்திட்டு, மிஷினைத் திருப்பிக் கொடுக்கலாம்னு எனக்கே யோசனை சொல்றீங்க!"

அவர் முகம் சுண்டிப்போச்சு. குனிஞ்சு, மூடியை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இதை நான் யோசிக்கவே இல்லையே"ன்னார். பொய் சொல்ற மனுஷன் இல்லை, நிஜமாவே யோசிக்கலை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்தது.

நெட்டையனைத் தூக்கித் தொட்டியில போட்டேன். பெட்டி ஓரத்துல ஒட்டியிருந்த பழைய கட்டியைச் சுரண்டித் துடைச்சு, புதுப் பவுடர் போட்டு, ஓட்டி விட்டேன். ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே வாசல் மணி அடிச்சது. மிஷினை எடுத்துக்கிட்டுப் போக ரெண்டு பேர் தள்ளுவண்டியோட நிக்கிறாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அத்தை முந்திக்கிட்டாங்க.

"ஓடிட்டிருக்கிற மிஷினை எப்படிப்பா பிடுங்குறது? உட்காருங்க, காபி குடிங்க."

அவங்க காபி குடிச்சாங்க. நாங்க மூணு பேரும் சமையலறையில மிஷின் முன்னாடி காதைத் தீட்டிக்கிட்டு நின்னோம். தண்ணி சலசலன்னு சுத்துது, நிக்குது, வடியுது. மறுபடி நிறையுது. அப்புறம் உள்ளேர்ந்து ஒரு சத்தம். 'டக்'.

"அதுவா?"ன்னார் அவர்.

"அதுதான்"னேன்.

முடிஞ்சதும் அத்தைதான் கதவைத் திறந்தாங்க. பெட்டி காலி, பொட்டுப் பவுடர் இல்லை. ஒரு தட்டை எடுத்துக் கட்டைவிரலால தேய்ச்சாங்க, கீச்சுன்னுது. இன்னொண்ணை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. பாராட்டிட்டா அவங்க என் மாமியாரே இல்லை. "ம்"னாங்க. நேரா கூடத்துக்குப் போய், "நீங்க கிளம்புங்கப்பா, இது இங்கேயே இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வெங்காயம் நறுக்கியிருந்தா அது மேல பழி போட்டிருக்கலாம், நான் நறுக்கினது பீன்ஸ்.

சில வாரத்துல விரல் ஆறிடுச்சு. இன்னைக்கு சூப்பர்வைசர் அம்மா என் முன்னாடி ஒரு வெள்ளைப் பட்டை விரிச்சு, "கையைக் காட்டு"ன்னாங்க. காட்டினேன். அவங்களே என் கையைப் பிடிச்சு, துணிமேல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுத்தாங்க. எங்கேயும் மாட்டலை. "தை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பட்டன் மேஜைப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கலை.

வீட்டுக்கு வந்தா, சமையலறையில தண்ணி ஓடுற சத்தம். அவர் வேலையில இருந்து வந்த சட்டையோட தொட்டி முன்னாடி நிக்கிறார். முழங்கை வரைக்கும் நெட்டையனுக்குள்ள கை. பக்கத்துல அத்தை நின்னுக்கிட்டு, "அடியில தேய்டா, அடியில"ன்னு அதிகாரம் பண்றாங்க.

என்னைப் பார்த்ததும் அவர் நுரையோட கையை வெளியே எடுத்து விரலைக் காட்டினார். "ஏய், அந்தச் சனிக்கிழமையில இருந்து இந்த ஒரு பாத்திரம்தான் கழுவுறேன். அதுக்கே நுனியெல்லாம் எரியுது. நீ எப்படி இத்தனை வருஷம்…"

முடிக்காம மறுபடி கையை உள்ள விட்டுத் தேய்ச்சார். கழுவி வச்சதும் உள்ள எட்டிப் பார்த்தேன். அடியில ஒரு ஓரம் பால் பிடிச்சது அப்படியே இருந்தது. நான் வாயைத் திறக்கலை. கையையும் வைக்கலை.