முந்நூறு தடவை போடும் கோட்டு

துணிக்கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் கணவன் கம்பளிக் கோட்டோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். விலை பதினெட்டாயிரம். மனைவிக்கு விலைகூட உறுத்தவில்லை. அவன் கணக்குப் போட்டதுதான் உறுத்தியது.

அந்த வீட்டில் கணக்கு அவள் வேலை. ஆசைப்பட்டு வாங்கிய புடவை ஒன்று, இரண்டே தடவை கட்டியதோடு பீரோவில் முடங்கிய பிறகு, எது வாங்கினாலும் எத்தனை தடவை போடுவோம் என்று வகுத்துப் பார்ப்பாள். "வந்துட்டா ஆடிட்டரம்மா" என்று இத்தனை வருஷமாகக் கிண்டலடித்த மனுஷன், இன்று தானாகவே போனை எடுத்துத் தட்டுகிறான். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது?

"ட்ரை வாஷுக்கு மூவாயிரம் சேர்த்தாலும் இருபத்தோராயிரம். முந்நூறு தடவை போட்டா, தடவைக்கு எழுபதுதான். சல்லிசு இல்ல?"

வகுத்தது சரி. வகுத்த எண்தான் இடித்தது.

"முந்நூறு எங்கேருந்து வந்துது?"

"வருஷத்துக்கு நூறு. மூணு வருஷம்."

இவர்கள் ஊரில் குளிர் என்பது மார்கழி விருந்தாளி மாதிரி, வந்ததும் போய்விடும். வருஷத்தில் நாலு நாள் போட்டாலே பெரிய விஷயம். பழைய கோட்டு மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது.

"ஏங்க, நூறு நாள் குளிர் எந்த ஊர்ல அடிக்குது?"

அவன் பொத்தானைப் போட்டான், கழற்றினான். விற்பனையாளர் நாசூக்காக அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

"மலைமேல இருக்கிற ஆபீஸுக்கு மாத்தலாகிப் போறியான்னு கேட்டாங்க. மூணு வருஷம். சரின்னுட்டேன். வீட்ல போய் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னைக் கேக்காமயா?"

"உன் வேலை இங்க இருக்கு. நீ எப்படி வருவ?"

கோபத்தைவிட பயம்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு வீடு, ஒரு தட்டு, ஒரு ஆள்.

"சரி, எனக்கு ஏன் கோட்டு பாக்கல?"

அவன் உண்மையாகவே யோசித்து வைத்திருந்தான். அதுதான் கொடுமை.

"பாத்தேனே. நீ லீவுக்கு வந்தா வருஷம் ஏழு நாள். மூணு வருஷத்துல இருபத்தோரு தடவை. தடவைக்கு ஆயிரம் ஆகுது. கட்டுப்படியாகாதுன்னு நீயேதான் சொல்லுவ."

எங்கேயும் பிழை இல்லை. அவள் விற்பனையாளரைக் கூப்பிட்டாள்.

"இதே மாதிரி லேடீஸ்ல எடுங்க. நானும் முந்நூறு தடவை போடணும்."