நடுத்துளை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், பதினைந்து ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்தும் வகுப்பறையில் இதுவரை ஒரு கருவியையும் கையால் தொட்டறியாத ஷார்ட்கட் சார், இன்று காலை முதல் பிரிவேளையில், பள்ளித் தாளாளரின் முன்னிலையில், பதினோராம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் காண, ஒரு மீட்டர் ஸ்கேலைத் தொடவிருக்கிறார்.

ஷார்ட்கட் சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தவர். எந்தக் கணக்கையும் மூன்று வரியில் முடிப்பார்; நான்காவது வரி போட்டால் அவருக்கு அவமானம். அந்த மையத்தை உரிமையாளர் ஒரு காலையில் இழுத்துப் பூட்டிவிட்டு வேறு தொழிலுக்குப் போனார். அதிலிருந்து சார் வீட்டில் இருக்கிறார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்யும் மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. இந்தப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலி. மாதிரி வகுப்பு எடுத்துத் தேறினால் வேலை. செய்முறையோடுதான் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அவர் தேர்ந்தெடுத்தது தொங்கும் ஸ்கேல். சுவரில் ஓர் ஆணி, ஸ்கேலில் சில துளைகள், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். உடைய ஒன்றும் இல்லை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை நடந்தது. மர ஸ்கேல் ஒன்றை வாங்கி, நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு, கதவு நிலையில் அடித்த ஆணியில் மாட்டினார். மனைவி ஸ்டாப்வாட்ச் பிடித்தாள். முதல் துளையில் இருபது முறை ஆட முப்பத்திரண்டு விநாடி. இரண்டாவதில் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதில் இன்னும் குறைந்தது. நான்காவதில் முப்பதரை.

"பாத்தியா? நடுப்பக்கம் போகப் போக வேகம் கூடுது. எடை முழுக்க நடுவுல இருக்குன்னு வச்சுக்கோ. ஆணிக்கும் நடுவுக்கும் உள்ள தூரம்தான் ஊசலோட நீளம். நீளம் குறைஞ்சா நேரம் குறையும். முடிஞ்சுது."

"அஞ்சாவதுல ஒரு துளி ஏறியிருக்குங்க" என்றாள் மனைவி.

"உன் விரல் தாமதம்."

"என் விரல் நாள் முழுக்கச் சொட்டுக் கணக்குல வேலை பாக்குற விரல். ஏறியிருக்கு. ஆறாவதையும் பாத்துடலாம்."

"ஒரு துளிக்கெல்லாம் ஆராய்ச்சி பண்ணினா உலகத்துல ஒரு பாடமும் முடியாது. ஆணியைப் பிடுங்கு, கதவைச் சாத்தணும்."

ஆணி பிடுங்கப்பட்டது.

ஆக, இன்று. ஆய்வகத்தில் நாற்பது பிள்ளைகள். முன்வரிசையில் மெத்தை நாற்காலியில் தாளாளர். சிமென்ட் வியாபாரத்தில் இருந்து கல்விக்கு இறங்கி வந்தவர். வந்த தூரத்தை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பவர். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசுவார். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைமையாசிரியை. அவருடைய பாடம் புவியியல்.

பள்ளியின் ஸ்கேல் பளபளப்பாக இருந்தது. இரு நுனியிலிருந்தும் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை. சரியாக ஐம்பதில், நட்டநடுவிலும் ஒன்று. சார் முதல் துளையில் மாட்டினார்.

"கொஞ்சமாத்தான் இழுக்கணும். நாலு விரல் அகலம் போதும். ரொம்ப இழுத்தா நேரம் மாறிடும், கணக்கு ஒத்து வராது." குரலில் பயிற்சி மைய மிடுக்கு திரும்பியிருந்தது. பிள்ளைகள் எண்ணினார்கள். முப்பத்திரண்டு. நான்காம் துளைக்குத் தாவினார். முப்பதரை.

"நடுவை நெருங்க நெருங்க?"

"வேகம் கூடும் சார்" என்றது வகுப்பு.

தாளாளர் தலையாட்டினார். தலைமையாசிரியை ஏதோ டிக் அடித்தார். வேலை கிடைத்துவிட்டது என்று சாரின் முதுகுத்தண்டுக்கே தெரிந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

கடைசி பெஞ்சில் இருந்து ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள். "சார், அப்ப நடு ஓட்டைல மாட்டினா?"

நல்ல கேள்வி. நீளம் சுழி. நேரமும் சுழி. மூன்று வரிகூட வேண்டாம், ஒரே வரி. "கண்ணுக்கே தெரியாத வேகத்துல ஆடும்மா" என்றார் சார்.

ஆய்வகம் மூச்சை இழுத்துக்கொண்டது. தாளாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கண்ணுக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க ஐயா."

"நம்ம பள்ளிக்கூடத்துலயா?"

"இந்த ஆணியிலேயே."

"மாட்டுங்க தம்பி" என்றார் தாளாளர்.

தலைமையாசிரியை பொறுப்பானவர். முன்வரிசைப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளினார். கண்ணாடி போட்டவர்களைச் சுவரோரம் நிறுத்தினார். தாளாளரின் நாற்காலியை இரண்டு பேர் அவரோடு சேர்த்தே நகர்த்தினார்கள். ஜன்னல் சாத்தப்பட்டது.

சார் நடுத்துளையை ஆணியில் கோத்தார். ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்தார். ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மறுகையை வெடுக்கென்று விட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

ஸ்கேல் நின்றது.

விட்ட இடத்தில், விட்ட சாய்வில், சுவரில் கோணலாக மாட்டிய படம் போல நின்றது. சார் விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். கையை இறக்கிப் பார்த்தார். கிட்டப் போய் எதிர்ப்பக்கம் சாய்த்து விட்டார். அங்கேயும் நின்றது. கிடைமட்டமாக வைத்தார். படுத்துக்கொண்டது. தலைகீழாகத் திருப்பினார். அதற்கும் சம்மதம்.

அவருடைய கை தானாகவே ஸ்கேலைக் கழற்றி நடுவுக்குப் பக்கத்துத் துளையில் மாட்டியது. நாலு விரல் இழுத்து விட்டார். அது ஆடியது, சாப்பிட்டு முடித்து எழ மனமில்லாதவனைப் போல ஆடியது. ரெட்டைப் பின்னல் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். "இருபதுக்கு அம்பத்திரண்டரை சார்" என்றாள் மெதுவாக. "முதல் ஓட்டையைவிட மோசம்."

பதினைந்து ஆண்டுகள். எத்தனை ஆயிரம் பிள்ளைகள். நீளம் குறைஞ்சா நேரம் குறையும் என்று பாட்டு மாதிரி ஒப்பித்துவிட்டு வெளியே போனவர்கள். நூலில் கட்டிய குண்டுக்கு அது சரி. எடை முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது. ஸ்கேலுக்கு எடை உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது. நடுவில் மாட்டினால் இந்தப் பக்கத்து எடையை அந்தப் பக்கத்து எடை ஈடுகட்டிவிடுகிறது; திருப்பி இழுக்க ஆளில்லை. ஆனால் திருப்ப வேண்டிய உடம்பு என்னவோ முழுசாக அப்படியே இருக்கிறது. இழுக்க ஆள் குறைவு, இழுபட வேண்டிய பாரம் நிறைய: அதனால் மந்தம். நட்டநடுவில் இழுக்க ஆளே இல்லை: அதனால் நிற்கிறது. வேகம் கூடிக்கொண்டே போவதில்லை. நடுவிலிருந்து இருபத்தொன்பது சென்டிமீட்டர் வாக்கில் உச்சம் தொட்டு, அதற்கப்புறம் இறங்குகிறது. நாலாம் துளைக்கும் ஐந்தாம் துளைக்கும் இடையில். மனைவியின் விரல் தாமதமில்லை.

இவ்வளவும் நின்ற நிலையிலேயே அவர் மண்டைக்குள் ஓடியது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நாலு வரிக்கு மேல் யோசித்தது அன்றுதான்.

ஒரு ஒற்றைக் கைதட்டல் கேட்டது. தாளாளர் எழுந்து நின்றிருந்தார்.

"அந்த நடு ஓட்டையை இன்னொரு தரம் காட்டுங்க" என்றார். சார் பேயறைந்தவர் போல மாட்டினார். ஸ்கேல் கோணலாக நின்றது. "என்ன வேகம். நிக்கிற மாதிரியே இருக்கு."

சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, ஸ்கேல் நின்றபோது வந்த அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

"ஐயா, அது நிக்குதுங்க."

"நிக்கிற மாதிரி தெரியுது. அதைத்தானே சொன்னீங்க, கண்ணுக்குத் தெரியாதுன்னு."

"இல்லீங்க ஐயா. நான் சொன்னது தப்பு. அது நெசமாவே சும்மா நிக்குது."

தாளாளர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "இவ்வளவு பெரிய வித்தையைக் காட்டிட்டு ஒண்ணுமில்லேங்கிறார். இந்த அடக்கம்தான் ஒரு வாத்தியாருக்கு அழகு." கைதட்டலுக்கு இடம் விட்டார். தட்டினார்கள்.

"ஃபேன் மாதிரி" என்று விளக்கமும் கொடுத்தார். "வேகமாச் சுத்தினா றெக்கை தெரியுதா?"

"ஃபேன்ல றெக்கை தெரியாது சார்" என்றாள் ரெட்டைப் பின்னல். "இதுல நம்பர்கூடத் தெரியுது."

"அப்ப ஃபேனைவிட வேகம்னு அர்த்தம். உக்காரு."

தாளாளர் ஆர்வத்தில் ஸ்கேலை நோக்கிக் கை நீட்டினார். தலைமையாசிரியை அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாங்க ஐயா, விரல் போயிடும்."

சார் தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் கண்ணில் ஸ்கேல் நிற்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. புவியியல் படித்தவருக்கு அசையும் பொருளுக்கும் அசையாத பொருளுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும்.

வெளியே, தாழ்வாரத்தில் தலைமையாசிரியை தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. மூணாவது தடவை சொன்னா, ஐயாவுக்குத் தெரியலேன்னு நீங்க சொன்னதா ஆகும். அந்த இடம் போன வருஷமும் காலியாத்தான் இருந்துச்சு சார். அதுக்கு முன்னாடி இருந்த வாத்தியாரும் உண்மை பேசுறவர்தான். பேசாம வேலை உத்தரவுல கையெழுத்துப் போடுங்க. பிள்ளைங்களுக்கு நாளைக்கு ஒழுங்காச் சொல்லிக்குடுங்க."

கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தபோது அவர் கதவு நிலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க?"

"வேலை கிடைச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் இழவு விழுந்த மாதிரி இருக்கீங்க?"

முழுவதையும் சொன்னார். அவள் கைப்பையை இறக்கி வைக்க மறந்து நின்றாள். "நின்னதுன்னு சொன்னீங்களா?"

"ரெண்டு தரம்."

"அப்படியுமா வேலை குடுத்தாங்க?"

"அப்படிச் சொன்னதுக்குத்தான் குடுத்தாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் அவர் வகுப்பில் எல்லாத் துளைகளையும் ஒவ்வொன்றாக மாட்டினார். பிள்ளைகளே நேரம் பார்த்து, கரும்பலகையில் புள்ளி வைத்து, கோடு இறங்கி மறுபடி ஏறுவதைக் கண்டார்கள். அந்த வகுப்பில் நாற்பது பேருக்கும் இன்று அது தெரியும். இயற்பியல் அந்தப் பள்ளியில் அன்றுதான் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வகுப்புக்கு, ஆய்வகத்தில் துளைகளோடு கிடந்த ஒரு பழைய இரும்பு ஸ்கேலைத்தான் பயன்படுத்தினார். பளபளப்பான ஸ்கேல், நடுத்துளையில் ஆணி கோத்து, நுழைவாயிலுக்குப் போய்விட்டது. வரும் விருந்தினர்களுக்கெல்லாம் தாளாளர் அதைத்தான் முதலில் காட்டுகிறார். சுற்றிலும் கண்ணாடிப் பெட்டி, சிவப்புக் கயிறு, 'அதிவேக இயக்கம், நெருங்காதீர்' என்று பித்தளைப் பலகை. வந்தவர்கள் ஓரடி பின்னால் நின்று, தலையைச் சாய்த்து, பிரமிக்கிறார்கள். ஒருவர்கூட ஏன் அசையவில்லை என்று கேட்டதில்லை.

பெட்டிக்குள் ஸ்கேலின் மேல் தூசி படிந்திருக்கிறது.