விலாசினி கொடுத்த ஆர்டர்

மோகனன் கேக் ஆர்டர் ஃபாரத்தை என் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினான். தேதி ஞாயிறு. ஃபிளேவர் பட்டர்ஸ்காட்ச். கேக்கில் எழுத வேண்டியது, 'ஹேப்பி எங்கேஜ்மென்ட் விலாசினி'. பாதிப் பணம் அட்வான்ஸ். தன் தங்கச்சிக்கு நிச்சயம் என்று அவன் சொன்னதும் நானும் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விலாசினியே வந்து நின்றாள். பெருங்கடவிளையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"ராஜபாய் அக்கா, அந்த கேக்குல எழுத்த மாத்தணும். வேலைய விட்டாத்தான் தாலி கெட்டுவேன்னு மாப்பிள்ள சொல்லுதான். எனக்கு வேண்டாம்னு வீட்டுல தொண்ட கிழியச் சொல்லியாச்சு. ஒருத்தரும் கேக்கல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மாற்ற முடியாது என்றேன். ஃபாரத்தில் யார் எழுதினாரோ அவர் வந்துதான் மாற்ற வேண்டும். இந்தக் குன்னத்துகாலில் நான் ஓவன் வைத்த நாள் முதல் அதுதான் சட்டம். அவள் முகம் செத்துப்போனது.

"அழாத மக்கா. உங்க அண்ணன் கேக்கைத்தான் தொடமாட்டேன். நீ ஒண்ணு தனியா ஆர்டர் குடு, யாரு தடுக்கா?"

புது ஃபாரத்தை அவள் முன்னால் தள்ளினேன். அதே தேதி. ஃபிளேவர் என்ற இடத்தில் சாக்லேட் என்று அழுத்தி எழுதினாள். பட்டர்ஸ்காட்ச் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். கூடப் பிறந்தவனுக்கு அது தெரியவில்லை பாருங்கள்! வாசகம், 'எனக்குச் சம்மதம் இல்லை. விலாசினி.'

"மலையாளத்துலயும் எழுதணும் அக்கா. மாப்பிள்ள வீட்டுல வாசிக்கத் தெரியல்லன்னு ஒருத்தரும் சொல்லப்பிடாது."

"அப்ப ஒரு கிலோ பத்தாது. ஒண்ணரை போடுவோம்."

அட்வான்ஸை எண்ணி வைத்தாள். அண்ணனிடம் சொல்லிவிடுவீர்களா என்று என்னைக் கேட்கவும் இல்லை.

ஞாயிறன்று இரண்டு பெட்டிகளையும் நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் திறந்து வைத்தேன். மோகனன் குனிந்து பார்த்தான். அவன் நெற்றி நரம்பு புடைத்தது.

"எந்தக் கழுத குடுத்த ஆர்டர் இது?"

மாப்பிள்ளையின் அப்பா மலையாள வரியை வாய்விட்டு வாசித்தார். அவர் விலாசினியைப் பார்த்து, "மோளே, இது நீ எழுதிச்சதாணோ?" என்றார்.

"ஆமா. நானாக்கும்."

மாப்பிள்ளை வெடுக்கென்று எழுந்தான். பின்னாலேயே நாற்காலிகள் இழுபட்டன. மோகனன் என் பக்கம் திரும்பி, மிச்சப் பணத்தில் ஒரு பைசா தரமாட்டேன், உன் அடுப்பை அணைக்க வைக்கிறேன் என்று கத்தினான்.

"அணைச்சுத்தான் பாரேன்லே!" என்றேன். இத்தனை வருஷத்தில் அவனை 'லே' போட்டு அழைத்ததில்லை.

விலாசினி அதற்குள் கத்தியை எடுத்திருந்தாள். சாக்லேட் கேக்கை நடுவில் வெட்டி, ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"தின்னுட்டுப் போங்க. என் சம்பளத்துல வாங்கினதாக்கும்."