கேரட் கழுவும் இயந்திரம் தேவையில்லை

நெதர்லாந்திலிருந்து வந்த அந்த மின்னஞ்சலை மூன்று வாரமாக நான் அழிக்கவும் இல்லை, அதற்குப் பதில் எழுதவும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர், எங்கள் மன்னவனூர் விவசாயிகள் நிறுவனத்தின் முகவரியை இணையத்தில் பிடித்து, கேரட் கழுவும் இயந்திரம் வாங்குகிறீர்களா என்று கேட்டிருந்தார். இரண்டு முறை ஞாபகப்படுத்தியும் விட்டார். அலுவலகத்தில் கடிதம் எழுதுவது நான்தான்.

நான் பதிலைத் தள்ளிப்போட்டது அம்மாவுக்காக. பதினெட்டு வருடமாக, மார்கழிப் பனியிலும் வெள்ளனே எழுந்துபோய், எங்கள் நிறுவனத் தொட்டித் தண்ணீரில் கைவிட்டுக் கேரட்டைத் தேய்க்கிறாள். இப்போது விரல்கள் நிமிர்வதில்லை. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடுகிறது.

தலைவர் திருமலைச்சாமி ஐயா கூட்டத்தில் வேண்டாமென்று பேச்சை முடித்துவிட்டார். நம் ஊர்க் கரண்டுக்கு அது ஓடாது. பழுதானால் பார்க்கவும் ஆளில்லை. நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் கோபம் கூடுதலாக வந்தது.

“வேண்டாம்னு ரெண்டு வரி மரியாதையா எழுதிரும்மா கண்மணி. காரணத்தையெல்லாம் அடுக்காத. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் வச்சிருப்பாரு.”

எழுதினேன். ‘தங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. இப்போதைக்கு இயந்திரம் எங்களுக்குத் தேவையில்லை. தங்கள் தொழில் சிறக்க வாழ்த்துகள்.’

ஐயா எட்டிப் பார்த்தார். “இந்த ‘இப்போதைக்கு’ எதுக்கு? அடுத்த மாசமும் எழுதுவாரு. பாவம், அந்த மனுசன ஏன் காக்க வைக்கணும்? எடுத்துரு.”

அவர் திரும்ப எழுதட்டும் என்றுதானே போட்டேன்! “பார்த்து அனுப்புறேங்கய்யா” என்று சமாளித்தேன். ஐயா சாப்பிடப் போனார்.

அப்போது அம்மா வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“மெசினு வருதாமே, தாயி?”

“இல்லம்மா. வேண்டாம்னுதான் எழுதுறோம்.”

“நெசமாவா? பின்னாடியும் வராதுல்ல?”

“வந்தா உனக்கு நல்லதுதானம்மா.”

“என்ன நல்லது? வந்தா மொதல்ல என்னையத்தான் நிப்பாட்டுவாக. இந்தக் கைய வச்சுக்கிட்டு வேற எந்தச் சோலிக்கு என்னைய யாரு கூப்பிடுவா?”

நான் சோறு போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. சோற்றைப் பற்றியா கேட்டாள்?

“பின்னாடியும் வராதும்மா” என்றேன். அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு அனுப்பினேன்.

அரை மணியில் பதில் வந்தது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி, பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன், இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தார். வெளியே போய் அம்மாவிடம் சொன்னேன்.

“தங்கமான மனுசன்” என்றாள் அம்மா. அவள் அப்படி நிம்மதியாகச் சிரித்து வெகு நாளாயிற்று. நான் அவள் முன்னால் அழாமல் இருக்க, வேலை இருக்கிறதென்று சொல்லி உள்ளே ஓடிவந்துவிட்டேன்.