வரி உட்பட இருநூறு

உலக வணிகத்தின் தலையெழுத்தை அன்று பழவேற்காட்டிலிருந்து மாற்றப்போவதாகக் கலந்தர் பாய் அறிவித்தார். கையில் இருந்ததோ ஒரே விலையில் பன்னிரண்டு வகை மீன் கருவாட்டுப் பாக்கெட்டுகளின் எக்ஸெல் பட்டியல். இணையச் சந்தையின் தள்ளுபடி விற்பனையில் சேர, மாலை ஆறுக்குள் அதை ஏற்ற வேண்டும். தவறினால் அவர் விற்றுத்தரும் தோணிரேவுப் பெண்கள் குழுவின் சரக்கு மழைக்காலத்தில் நமுத்துப்போகும்.

மதியம் ஏற்றிப் பார்த்தபோது பன்னிரண்டு வரிசையும் பிழை என்று சிவப்பாகத் திரும்பி வந்தன. குழுத் தலைவி ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"பாய், கருவாட்டுக்கு ஜிஎஸ்டி கோட் நம்பர் 0305. முன்னாடி கீற பூஜ்யம் எங்க?"

"நான்தான் எடுத்தேன்மா. பூஜ்யத்துல ஆரம்பிச்சா யாவாரம் விளங்குமா?"

"அது கோட் நம்பர் பாய், தொகை இல்ல. நாலு இலக்கமும் வேணும். விலை இன்னாத்துக்கு இருநூத்திப் பத்து?"

"இருநூறு நம்ம விலை, அதுக்கு மேல அஞ்சு பர்சன்ட் வரி. எனக்கே ஜிஎஸ்டி சொல்லித் தர்றியா?"

"அந்த விலைக் கட்டத்துல 'வரி உட்பட'னு போட்டுகீது. நம்ம இருநூறுலயே வரி அடக்கம். எம்.ஆர்.பி.க்கு மேல போட்டா சைட்டு ஏத்துக்காது."

"எம்.ஆர்.பி. இருநூறுனு யார் சொன்னது?"

ஜெசிந்தா பாக்கெட்டை நீட்டினாள். 'அனைத்து வரிகளும் உட்பட ரூ.200.'

அவள் திருத்தி ஏற்றியபோது மணி ஐந்தே முக்கால். பன்னிரண்டு வரிசையும் தேறின.

லேபிளை அச்சடிக்கக் கொடுத்தவர் கலந்தர் பாய்தான். அதில் தன் படத்தைத் தவிர வேறெதையும் அவர் படித்ததில்லை.