மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவில்

ஏலச்செடி நோயைப் பற்றிச் சோலைமலை எழுதிய நீளமான கட்டுரையை, மாநாட்டுத் திரையில் காட்டும் கண்ணாடிப் படங்களுக்காக உதவியாளன் ராமர் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு படத்துக்கு ஐந்து வரிதான் கொள்ளும். மிச்சத்தை வாயால் சொல்ல வேண்டும்.

‘தவிர்க்க முடியாத காரணத்தால் இரண்டு மாதம் செடிகளை எண்ணவில்லை’ என்று தொடங்கிய பத்தி, ‘கணக்கெடுப்பு: பத்து மாதம்’ என்று சுருங்கியிருந்தது.

“வருசத்துல ரெண்டு மாசம் எங்கேன்னு கேப்பாங்கண்ணே. மூணாம் படத்துக்கும் நாலாம் படத்துக்கும் நடுவுல ஒரு வரி சொல்லிருங்க” என்றான் ராமர்.

செடிகளை எண்ணிவந்தவள் சோலைமலையின் மனைவி சந்திரவல்லி. போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு உருண்டு செத்துப்போனாள்.

சோலைமலை பேச்சுத்தாளை இழுத்து, மூன்றாம் படத்துக்குக் கீழே எழுதினான்: ‘அடுத்த படம் போடுங்கள்.’